பன்னிரண்டு வயது முகத்தில் அந்தக் கிறீமுக்கு என்ன வேலை?

கேள்வி: "என்ட மகளுக்கு 12 வயசு. ஆரையம்பதியில இருக்கிறம். கனடாவில இருந்து அக்கா எனக்கு அனுப்பின நைட் கிறீமை எனக்குத் தெரியாம ரெண்டு கிழமையா பூசியிருக்கா. முகச் சுருக்கத்துக்குப் பூசுற கிறீம், ரெட்டினோல் 0.3 வீதம் எண்டு போட்டிருக்கு. இப்ப கன்னமும் வாயோரமும் சிவந்து தோல் உரியுது. 'அது உனக்கில்ல' எண்டா, 'ஏன் எனக்கில்ல, நீங்க பூசுறீங்கதானே' எண்டு கேக்கிறா. என்ன சொல்லி விளங்கப்படுத்துற?"

முதலில் முகத்தின் எரிவை அடக்குங்கள், பேச்சை ஓரிரு நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம். முகம் எரியும் நேரத்தில் என்ன விளக்கம் சொன்னாலும் பிள்ளைக்கு அது ஏச்சாகத்தான் கேட்கும். இன்றிரவே அந்தக் கிறீமோடு சேர்த்து டோனர், ஸ்கிரப், வாசனைச் சவர்க்காரம், பவுடர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். காலையிலும் இரவிலும் வெறும் தண்ணீரில் முகத்தைக் கழுவட்டும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் வாசனை சேர்க்காத பெற்றோலியம் ஜெலியை மெல்லிசாகப் பூசிவிடுங்கள். பகலில் காய்ந்து இழுத்தால் இன்னும் இரண்டு தடவை பூசலாம். உரிகிற தோலைப் பிய்க்கக் கூடாது. எரிச்சல் இரண்டு மூன்று நாளில் தணியும். உரிவது நிற்க ஒன்று இரண்டு கிழமை எடுக்கும்.

இந்த நேரத்தில் வீட்டில் இரண்டு யோசனை கட்டாயம் வரும், இரண்டையும் தடுத்துவிடுங்கள். ஒன்று தேசிக்காய்ப்புளி. அதில் அமிலம் கூட, உரிந்த தோலில் பட்டால் எரியும் என்பது ஒரு பக்கம். தேசிக்காயில் இருக்கும் சில பொருட்கள் தோலில் பட்டிருக்க வெயிலும் பட்டால் உண்மையாகவே சுட்ட காயம் போலக் கொப்புளம் போட்டுக் கறுத்துவிடும் என்பது மற்றப் பக்கம். இரண்டாவது, பாமசியில் "சிவப்புக்கு ஒண்டு தாங்க" என்று கேட்டு வாங்கி வரும் ஸ்டீரொயிட் டியூப். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசோல் என்ற பெயர்கள் டியூபில் இருந்தால் வைத்தியர் சொல்லாமல் முகத்தில் வைக்கவேண்டாம். சிவப்பு ஒரே இரவில் மறையும், அதனால்தான் ஆட்கள் அதை நம்புகிறார்கள். நிறுத்தியதும் முன்னதை விட மோசமாகத் திரும்பி வரும், பிறகு அதை விடவே முடியாமல் போகும்.

இது எரிச்சல்தானா அல்லது ஒவ்வாமையா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வது, அதாவது எரிவு, வறட்சி, உரிவு, அதுவும் வாயோரம் போன்ற இடங்களில், ரெட்டினோல் தரும் எரிச்சலின் வழக்கமான முகம். ஒவ்வாமை என்றால் எரிவை விட அரிப்புத்தான் முன்னுக்கு நிற்கும். சின்னச் சின்னக் குருக்கள் போடும், கண் இமை வீங்கும், பூசாத இடத்துக்கும் பரவலாம். பெரும்பாலும் கிறீமில் உள்ள வாசனைப் பொருளோ, பழுதாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளோதான் அதற்குக் காரணமாக இருக்கும். எரிச்சல் வந்து போய்விடும், ஆனால் ஒவ்வாமை ஒரு தடவை பிடித்தால் அந்தப் பொருளைத் தோல் மறக்காது. பத்து வருடம் கழித்து வேறொரு கிறீமில் கொஞ்சம் இருந்தாலும் திரும்ப வரும். இமை வீங்கினால், நீர் கசிந்து மஞ்சளாகப் பொருக்குக் கட்டினால், இரண்டு கிழமையில் ஆறாவிட்டால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். போகும்போது கிறீம் போத்தலையும் கொண்டுபோங்கள். "வெள்ளைப் போத்தல், நீல மூடி" என்றால் அங்கே ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

இனி பேச்சுக்கு வருவோம். அம்மாக்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் இரண்டு. "சின்னப்பிள்ளைத் தோல் மெல்லிசு" என்பது ஒன்று, "இப்பவே பூசினா முகம் கிழடு தட்டிப் போகும்" என்பது மற்றது. இரண்டையும் சொல்லாதீர்கள். தோல் மெல்லிசு என்பது கைக்குழந்தைக்குப் பொருந்தும். 12 வயதில் தோலின் வெளிச்சுவர் ஏறக்குறைய பெரியவர்களுடையதைப் போலத்தான் இருக்கும். முகம் கிழடாகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அதுமட்டுமல்ல, ரெட்டினோலின் இனத்தைச் சேர்ந்த அடாபலீன் 0.1 வீத மருந்தை 12 வயதிலிருந்தே முகப்பருவுக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். நீங்கள் அதை நஞ்சு போலச் சொல்லி வைத்தால், அவளுடைய வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அந்த மருந்து கிடைத்த அன்று உங்கள் சொல் முழுவதும் விழுந்துவிடும்.

உண்மையான பதில் இன்னும் எளிது. அந்தக் கிறீமுக்கு அவள் முகத்தில் செய்ய வேலை ஒன்றும் இல்லை. தோலுக்குள் போன ரெட்டினோல் இரண்டு படியாக மாறி ரெட்டினோயிக் அமிலமாகிறது. அது மேல்தோலின் செல்களை வேகமாகப் புதுப்பிக்கச் சொல்லும், அடித்தோலைக் கொலாஜன் கூடுதலாகச் செய்யச் சொல்லும். தோலைத் தாங்கி நிற்கும் நார்தான் கொலாஜன். இருபதுகளின் நடுவிலிருந்து அதன் உற்பத்தி மெல்லக் குறைகிறது, வெயில், இருக்கும் நாரையும் அறுக்கிறது. நாற்பது வயதில் இந்தக் கட்டளைக்குப் பயன் உண்டு. 12 வயதிலோ செல்கள் தாமாகவே வேகமாகப் புதுப்பிக்கின்றன, கொலாஜனுக்கும் குறைவில்லை. வயல் முட்டத் தண்ணீர் நிற்கும்போது வாய்க்காலை இன்னொரு தடவை திறந்துவிட்டால் நெல் கூடுதலாக விளையாது, வரம்புதான் உடையும். உங்கள் மகளின் கன்னத்தில் உடைந்திருப்பதும் வரம்புதான். ஈரத்தை உள்ளேயும் அழுக்கை வெளியேயும் வைத்திருக்கும் அந்த வெளிச்சுவர், செல்கள் முற்றும் முன்னே மேலே தள்ளப்படுவதால் ஓட்டை விழுந்து உரிகிறது.

இது பெரியவர்களுக்கும் வரும். அதனால்தான் அவர்களுக்கே வாரத்தில் இரண்டு இரவு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு என்று தொடங்கச் சொல்வது. கிழமைகள் போகப் போகத்தான் கூட்டுவார்கள். இரண்டு கிழமையில் முகம் இப்படி ஆகியிருப்பதைப் பார்த்தால் மகள் ஒவ்வோர் இரவும் தாராளமாகப் பூசியிருக்கிறாள் போல. தோலை உரிக்கும் கிளைகோலிக் அமில டோனரும் சேர்த்துப் போட்டாளா என்று கேளுங்கள், வீடியோக்களில் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறார்கள். 7 முதல் 18 வயதுப் பிள்ளைகள் டிக்டொக்கில் போட்ட 100 முகப்பராமரிப்பு வீடியோக்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2025இல் வந்தது. ஒரு வீடியோவுக்குச் சராசரியாக ஆறு பொருள், அதிகம் பேர் பார்த்தவற்றில் எரிச்சல் தரக்கூடிய சேர்மானம் சராசரியாகப் பதினொன்று. பகலில் பூசும் முறைகளில் கால்வாசி அளவில்தான் சன்ஸ்கிறீன் இருந்தது. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது கடைசி எண்தான். தோலை உரிக்கும் பொருளைப் பூசிவிட்டு வெயிலை மறந்துவிடுகிறார்கள்.

நம்முடைய நிறத்தில் இதற்கு வேறொரு விலையும் உண்டு, அவளிடம் சொல்லவேண்டிய உண்மையான எச்சரிக்கை அது ஒன்றுதான். மாநிறத் தோலும் கறுத்த தோலும் எரிச்சல் பட்ட இடத்தில் கருமையை விட்டுச் செல்லும். சிவப்பு இரண்டு கிழமையில் போகும், அந்த இடத்தின் மண்ணிறக் கறை மாதக் கணக்கில் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் நீளும். பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு நடந்து வரும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல. மட்டக்களப்பில் உச்சிவெயிலின் புறஊதாக் குறியீடு வருடத்தில் பல மாதம் மிகக் கடுமையான 11ஐத் தாண்டும், ஒன்றரை மணி வெயிலும் அதற்கு அவ்வளவு குறைந்ததல்ல.

பேசத் தொடங்கும்போது கிறீமைப் பற்றித் தொடங்கவேண்டாம், அவள் எதை மாற்ற நினைத்தாள் என்று கேட்டுத் தொடங்குங்கள். பதிலைப் பொறுத்து மிச்சம் முழுவதும் மாறும். பெரியம்மா, சித்தி யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள். இப்படிப் போகலாம்:

"மகள், அந்தக் கிறீம் போட்டா என்ன நடக்குமெண்டு நினைச்சீங்க? ஏச மாட்டன், சொல்லுங்க."

"நெத்தியில கோடு இரிக்கும்மா. வீடியோவில சொன்னாங்க, சின்ன வயசிலயே தொடங்கினா பிறகு வராதாம்."

"எங்க, கண்ணாடிக்கு முன்னால வாங்க. புருவத்தத் தூக்குங்க. கோடு தெரியுதா? இப்ப விடுங்க. எங்க போன அந்தக் கோடு?"

"…இல்ல."

"இப்ப என்ட நெத்தியப் பாருங்க. நான் புருவத்தத் தூக்கவே இல்ல, ரெண்டு கோடு நிக்குது. எனக்கு நாப்பத்தொண்டு. இந்தக் கோட்டுக்குத்தான் அந்தக் கிறீம். உங்கட கோடு முகம் அசையிற கோடு. அசைவு நிண்டா அதுவும் போயிரும். இல்லாத கோட்டுக்கு மருந்து போட்டா மருந்து என்ன செய்யும்? சும்மா இரிக்கிற தோலத்தான் உரிக்கும்."

இதற்குப் பிறகும் நம்பாவிட்டால் வீட்டில் அம்மம்மா இருந்தால் இன்னொரு வழி உண்டு. மூவரும் புறங்கையை மேசையில் வைத்து, தோலை மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டுப் பாருங்கள். மகளின் தோல் விட்ட உடனே படியும். உங்களுடையது சற்றுத் தாமதிக்கும். அம்மம்மாவின் கையில் அந்த மடிப்புக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். நாரின் வேறுபாடு கண்ணுக்கு முன்னால் தெரியும்போது பாடம் தேவைப்படாது. தண்ணீர் குடிக்காமல் காய்ந்திருந்தாலும் மடிப்பு நிற்கும், ஆகவே வெயிலில் விளையாடி வந்த கையோடு இதைச் செய்யாதீர்கள்.

"நீங்க பூசுறீங்கதானே" என்பதற்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது. கூடவே ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள்: "எனக்கும் அது அற்புதம் ஒண்டும் செய்யல்ல மகள். மாதக்கணக்கில போட்டாத்தான் மெல்லிய கோடு கொஞ்சம் மங்கும், ஆழமான கோடு போகாது." இது உண்மையும்கூட. பெரியவர்களின் முகத்தில் ரெட்டினோல் தரும் மாற்றம் மெதுவானது, அளவானது. அம்மா ஒளித்து வைக்கும் பொருளுக்குத்தான் பிள்ளைகளிடம் மதிப்புக் கூடும்.

"சின்ன வயசிலயே தொடங்கினா வராது" என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அவளுக்கு விற்கப்பட்டதே அந்த வாக்கியம்தான். சுருக்கம் வராத பிள்ளைகளுக்கு ரெட்டினோல் பூசிப் பிற்காலத்தில் குறைந்ததா என்று பார்த்த ஆய்வு கிடையாது. வெயில் பாதுகாப்புக்கு ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குக் குறைந்த சுமார் 900 பேரை நாலரை வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், முடிவு 2013இல் வெளிவந்தது. நாள்தோறும் சன்ஸ்கிறீன் பூசியவர்களுக்கு, விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களை விடத் தோல் முதிர்வு 24 வீதம் குறைவு. அவர்கள் பெரியவர்கள், பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர், ஆகவே அந்த 24ஐ அப்படியே நம் பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாது. எந்தப் பக்கம் உண்மை நிற்கிறது என்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டுகிறது. "பிறகு வராமல் இருக்க" அவள் ஏதும் செய்ய ஆசைப்பட்டால் அதற்கான பொருள் சன்ஸ்கிறீன்.

தோல் ஆறியதும் எஸ்பிஎஃப் 30 உள்ள ஒன்றை வாங்குங்கள். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டிலும் நீளத்துக்கு ஒரு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவு. அதில் பாதி பூசினால் பாதுகாப்புப் பாதியாகவோ அதைவிடவோ குறையலாம். வியர்வையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டும் என்பது விதி. ஏழு மணிக்குப் பூசிப் போன பிள்ளை வகுப்பில் அதைச் செய்யப் போவதில்லை என்பது நிஜம். ஆகவே வீடு வரும் வழிக்குக் குடையை நம்புங்கள். தோல் உரிந்து கிடக்கும் இந்த நாட்களில் சன்ஸ்கிறீனே எரியக்கூடும், அதுவரை குடை மட்டும் போதும்.

அவளுடைய பதில் கோடு இல்லாமல் பரு என்றால் பேச்சு வேறு பக்கம் போகும். 12 வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. மூக்கில் தெரியும் சின்னப் புள்ளிகள் பலவும் எண்ணெய் வெளியே வரும் சாதாரண வாய்கள்தான், பிதுக்கினாலும் சில வாரத்தில் திரும்ப நிறையும். சுருக்கத்துக்கான நைட் கிறீம் பெரும்பாலும் வறண்ட, வயதான தோலுக்காகக் கொழுப்பாகச் செய்யப்பட்டது, எண்ணெய் முகத்தில் அது அந்த வாய்களை அடைத்துப் பருவைக் கூட்டலாம். கழுவுவதற்கு வாசனை குறைந்த மிதமான ஃபேஸ்வொஷ் காலையும் இரவும் போதும். மொய்ஸ்சரைசர் நம் ஊர்ப் புழுக்கத்தில் பல பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை, கச்சான் காற்று வீசி உதடும் கன்னமும் காயும் மாதங்களில் மட்டும் மெல்லிசாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான பரு வந்தால், கன்னம் முழுதாக ஆறிய பிறகு, பென்சோயில் பெரொக்சைட் 2.5 வீதத்தை இரவில் பரு வரும் இடத்தில் மெல்லிசாகப் பூசிப் பார்க்கலாம். தலையணை உறை வெளிறும், பழையதைப் போடுங்கள். ஆறு எட்டுக் கிழமையில் குறையாவிட்டால், அல்லது பெரிய கட்டியாகி வடு விழத் தொடங்கினால், வைத்தியர் அடாபலீன் தரலாம். "அப்ப அதுவும் அந்த இனம்தானே" என்று மகள் கேட்டால், ஓம் என்றே சொல்லுங்கள். அங்கே அடைத்த துவாரத்தைத் திறக்கும் வேலை அதற்கு இருக்கிறது, அளவு சொல்லிப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது.

மூன்றாவது பதிலும் வரக்கூடும், அவள் அதைக் கடைசியாகத்தான் சொல்வாள்: "நான் கறுப்பெண்டு சொல்றாங்க." அப்படியென்றால் இதுவரை சொன்ன விளக்கத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு, யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். அது அநேகமாக நம் வீட்டு விறாந்தையில் சொல்லப்பட்டதாக இருக்கும், அந்த ஆளிடம் பேசவேண்டியது நீங்கள். ரெட்டினோல் பிறவி நிறத்தை மாற்றாது என்பதையும் அவளுக்குச் சொல்லிவிடுங்கள். இந்தப் பதில் வந்தால் நான் பயப்படுவது கனடாக் கிறீமுக்கு அல்ல. அடுத்ததாக அவள் கை போகக்கூடிய, சேர்மானப் பட்டியலே இல்லாமல் கடைகளில் விற்கும் "வெள்ளையாக்கும்" நைட் கிறீம்களுக்குத்தான். அவற்றில் சிலவற்றில் பாதரசமோ, மேலே சொன்ன குளோபீட்டசோலோ கலந்திருக்கும். பாதரசம் தோல் வழியே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பட்டியல் ஒட்டாத கிறீமை வீட்டுக்குள் எடுக்கவேண்டாம், அது உங்களுக்கும்தான்.

மிச்சமிருக்கும் கிறீமை எறியத் தேவையில்லை. ரெட்டினோல் வெளிச்சத்திலும் சூட்டிலும் வலு இழக்கும், ஆகவே மூடியை இறுக்கி அலுமாரிக்குள் வைத்து, இரவில் நீங்களே பூசுங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால், அல்லது அதற்கு யோசித்துக்கொண்டிருந்தால் மட்டும், அதை விட்டுவிடுங்கள்.